வருடம் முழுக்கக் கட்டியும் 34 டாலர் கூடிப்போன ஹெக்ஸ் கடன்

2023 ஆகஸ்டில் வருமான வரிக் கணக்கு கொடுத்து முடித்த பிறகு, படிப்புக் கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆசையாகத் திறந்து பார்த்தேன். மே மாதம் பார்த்தபோது 34,000 டாலர். இப்போது 34,034. வேறு யாருடைய கணக்கையோ திறந்துவிட்டேனோ என்று பெயரைச் சரிபார்த்தேன், என்னுடையதுதான். அந்த ஒரு வருடத்தில் என் சம்பளத்திலிருந்து கடனுக்காகப் போனது 2,380 டாலர், ஆனால் கடன் 34 டாலர் கூடியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் படித்தவர்களுக்கு ஹெக்ஸ் தெரிந்திருக்கும். 1989-ல் தொடங்கிய முறை. கட்டணத்தை அரசு பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிடும். நம் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டும் அதில் ஒரு பங்கு கடனுக்குப் போகும், வேலை இல்லாத வருடம் ஒன்றும் கட்ட வேண்டாம். இதற்கு வட்டி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஜூன் 1-ஆம் தேதியும் விலைவாசிக்கு ஏற்றபடி பாக்கியை உயர்த்துவார்கள், அதற்குப் பெயர் இன்டெக்ஸேஷன். 2021-ல் அது 0.6 சதவீதம், யாரும் கவனிக்கவே இல்லை. 2023-ல் 7.1 சதவீதம்.

அதற்கு முன்னாலேயே ஒரு அடி வாங்கியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த புதிதில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தேன், ஒன்றில் வருடத்துக்கு 36,000, இன்னொன்றில் 16,000. வேலையில் சேரும்போது வரி எண் படிவத்தில் 'படிப்புக் கடன் இருக்கிறதா' என்ற கட்டத்தில் இரண்டு இடத்திலும் ஒழுங்காக டிக் போட்டேன். ஆனால் ஒவ்வொரு முதலாளிக்கும் தான் கொடுக்கும் சம்பளம் மட்டும்தான் தெரியும். 2021-22-ல் வரம்பு 47,014 டாலர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அதற்குக் கீழே, அதனால் இருவருமே கடனுக்காக ஒரு சதம்கூடப் பிடிக்கவில்லை. கூட்டினால் 52,000. வரிக் கணக்கு கொடுத்ததும் ஒரு சதவீதம், 520 டாலர், கட்டு என்று வந்தது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் திரும்பி வரும் பணத்தை நம்பிப் பயணச்சீட்டு வாங்கியவனுக்கு அது பெரிய தொகை. இரண்டு வேலை பார்ப்பவர்கள் ஒரு முதலாளியிடம் சொல்லி, கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். எனக்கு அது அப்போது தெரியாது.

சரி, 2023-க்கு வருகிறேன். அப்போது ஒரே வேலை, 68,000 டாலர் சம்பளம். அந்த வருட அட்டவணைப்படி 3.5 சதவீதம், மொத்த வருமானத்துக்கும். அதுதான் 2,380. இது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளத்தில் பிடிபட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் என் பே ஸ்லிப்பில் அதற்குத் தனி இடம் கிடையாது, வருமான வரியோடு சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் வரும். பிடித்தவுடன் கடனில் கழிந்துவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் போய்க் கேட்டபோது அவர் சிரித்தார். "தம்பி, நான் பிடிக்கிறது வரி. உங்கள் கடன் எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது."

விஷயம் இதுதான். சம்பளத்தில் பிடிக்கும் பணம் வருடம் முழுக்க வரித்துறையிடம் வரியாகத்தான் கிடக்கிறது. நிதியாண்டு ஜூன் 30-ல் முடிந்து, நாம் கணக்குக் கொடுத்து, அவர்கள் மதிப்பீடு அனுப்பும்போதுதான் அதில் ஒரு பகுதி கடனில் வரவு வைக்கப்படும். ஆனால் இன்டெக்ஸேஷன் போடுவது ஜூன் 1. மாதாமாதம் கடனை அடைக்கக் கொடுத்த காசை ஒரு கடைக்காரர் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்துவிட்டு, பழைய பாக்கி முழுவதற்கும் விலையேற்றம் சேர்த்து எழுதிய பிறகு கொப்பியில் வரவு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. என் 34,000-க்கு 7.1 சதவீதம் என்றால் 2,414. அது ஏறிய பிறகு 2,380 கழிந்தது. மிச்சம் 34 டாலர் ஏற்றம். தவறு எங்கேயும் இல்லை, எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இதைச் சமாளிக்க ஒரே வழி, ஜூன் 1-க்கு முன்னால் நாமாக ஒரு தொகை கட்டுவது. அப்படிக் கட்டியது நேராகக் கடனில் கழியும். பணம் போய்ச் சேர சில நாட்கள் ஆகும் என்பதால் மே 31 இரவு உட்கார்ந்து கட்டினால் பலன் இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாமாகக் கட்டியதைக் காரணம் காட்டி அந்த வருடக் கட்டாயத் தவணையை யாரும் குறைக்க மாட்டார்கள், கடன் முழுவதும் தீர்ந்தால் ஒழிய. கட்டிய பணம் திரும்பியும் வராது.

சூப்பர் என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் கூடுதலாகப் போட்டால் வருமானம் குறைந்து தவணையும் குறையும் என்று ஒரு நண்பன் சொன்னதைக் கேட்டு ஒரு வருடம் செய்தும் பார்த்தேன். வரி குறைந்தது, தவணை குறையவில்லை. ஹெக்ஸ் கணக்குப் போடும்போது சம்பளத்திலிருந்து நாம் விரும்பி சூப்பருக்குத் திருப்பிய பணத்தை மறுபடி கூட்டித்தான் பார்க்கிறார்கள்.

பழைய அட்டவணையில் இன்னொரு வேடிக்கை இருந்தது. வருமானம் ஒரு படியைத் தாண்டினால் புதிய சதவீதம் தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழு வருமானத்துக்கும். 2024-25-ல் 74,855 டாலர் வரை 3 சதவீதம், ஒரு டாலர் கூடினால் 3.5. நான் 74,500-ல் நின்றுகொண்டிருந்தேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வேலைக்கு 400 டாலர் தருவதாகச் சொன்னார்கள். உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். போனால் 74,900 ஆகிவிடும், தவணை 2,235-லிருந்து 2,621-க்கு ஏறும், 386 டாலர் கூடுதல். 400-க்கு வருமான வரியும் மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்துக்கான வரியும் சேர்ந்து 128 போகும். ஆக, சனிக்கிழமை முழுவதும் உழைத்து, கையில் இருப்பதில் 114 டாலர் குறையும். தவணை எப்படியும் கடனில்தான் சேரும், தொலைந்துபோகாது, தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் தூங்கினேன்.

அதற்குள் 2024 நவம்பரில் சட்டம் மாறியிருந்தது. விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு இரண்டில் எது குறைவோ அதுதான் இனி இன்டெக்ஸேஷன் என்று ஆக்கி, அதைப் பின்தேதியிட்டும் போட்டார்கள். 2023-ன் 7.1 சதவீதம் 3.2 ஆனது, 2024-ன் 4.7 சதவீதம் 4.0 ஆனது. எனக்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,600 டாலர் கடனில் குறைந்தது, பாக்கி 31,500 சொச்சம். ஆக, அந்த 34 டாலர் கோபத்துக்கு ஒன்றரை வருடம் கழித்து பதில் வந்தது.

அப்புறம் 20 சதவீதத் தள்ளுபடி. 2025 ஜூன் 1-ல், அந்த வருட இன்டெக்ஸேஷன் போடுவதற்கு முன் இருந்த பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. எனக்கு 6,300 டாலர். இங்கேதான் என் சிநேகிதி ஒருத்தி ஏமாந்தாள். ஜூன் 1-க்கு முன் கட்டினால் நல்லது என்று நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் கேட்டு மே மாதம் 5,000 டாலர் கட்டினாள். அந்த 5,000 கடனாகவே இருந்திருந்தால் அதில் 1,000 டாலர் தள்ளுபடியாகியிருக்கும். கட்டியதற்கு இன்டெக்ஸேஷனில் அவள் மிச்சம் பிடித்தது அதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்றுவரை அவள் முன்னால் நான் ஹெக்ஸ் என்ற சொல்லை எடுப்பதில்லை.

இப்போது என் பாக்கி 23,797 டாலர். 2025-26 முதல் கணக்கே வேறு. 67,000 டாலர் வரை ஒன்றும் கிடையாது, அதற்கு மேல் 1,25,000 வரை வரும் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். படி தாண்டினால் மொத்தத்துக்கும் அடி என்ற கதை, என்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இனி இல்லை, சனிக்கிழமை வேலைக்குத் தாராளமாகப் போகலாம். இந்த வருடம் என் சம்பளம் 78,000. வரம்புக்கு மேல் 11,000, அதில் 15 சதவீதம் 1,650. பழைய அட்டவணையாக இருந்தால் 2,730 போயிருக்கும். கையில் 1,080 டாலர் கூடுதல். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

ஆனால் எத்தனை வருடம் என்று யாரும் கேட்பதில்லை. நான் போடும் கணக்கு எளிது. பாக்கி விலைவாசியோடு ஏறுகிறது, சம்பளமும் வரம்பும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஏறுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்தை இரண்டு பக்கமும் விட்டுவிட்டு இன்றைய பாக்கியை இன்றைய தவணையால் வகுத்தால் போதும். பழைய தவணையில் வகுத்தால் 9 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. புதிய தவணையில் 14 வருடத்துக்கு மேல். இந்த வருடமே 3 சதவீதம் ஏறினால் 714 டாலர் சேரும், நான் கட்டும் 1,650-ல் உண்மையில் கடன் குறைவது 936-தான். வேலை மாறிச் சம்பளம் 90,000 ஆனால் தவணை 3,450, அப்போது 7 வருடத்தில் முடிந்துவிடும். குழந்தை பிறந்து ஒரு வருடம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தால் தவணை நின்றுவிடும், ஜூன் 1 நிற்காது. இந்தக் கடன் காலாவதியும் ஆகாது, ஆள் இறந்தால்தான் மிச்சம் தள்ளுபடி.

சம்பளத்தில் கூடுதலாக வரும் அந்த 1,080-ஐ என்ன செய்வது என்று வீட்டில் பேசினோம். வீட்டுக் கடனின் வட்டி இன்டெக்ஸேஷனைவிட அதிகம், அதனால் கணக்குப் பார்த்தால் அங்கே போடுவதுதான் சரி. மனைவி அதைத்தான் சொல்கிறார். நான் பாதியை இங்கே கட்டுகிறேன் என்று பேரம் பேசி வைத்திருக்கிறேன், 540 டாலர், மே 20-க்குள். கணக்கு முழுக்க அவர் பக்கம்தான், ஆனால் அந்த 34,034-ஐப் பார்த்தது நான்.