தண்ணீர் பட்ட வாட்ச் ஸ்பீக்கர்: செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த வேலை

மொபைல் சர்வீஸ் பயிற்சியின் செய்முறைத் தேர்வில் என் மேசைக்கு ஓர் ஆப்பிள் வாட்ச் வந்தது. கூடவே ஒரு வேலைச் சீட்டு: ‘கடலில் குளித்தபின் ஸ்பீக்கர் சத்தம் அமுங்கிக் கேட்கிறது.’ ஸ்க்ரூடிரைவர், ஹீட் பேட் எல்லாம் எதிரிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். அது ஒரு தூண்டில்தான். இந்த வேலைக்கு வாட்ச்சைத் திறக்கவே கூடாது.

முதலில் ஸ்பீக்கர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். வாட்ச்சில் குரலைப் பதிவு செய்து, அதைப் போனில் போட்டுக் கேளுங்கள். போனில் தெளிவாகவும் வாட்ச்சில் மட்டும் அமுங்கியும் கேட்டால் நீர் ஸ்பீக்கர் பக்கம் நிற்கிறது. போனிலும் மங்கலாகக் கேட்டால் மைக் துளையும் நனைந்திருக்கிறது. நான் இதைச் செய்துகொண்டிருந்தபோதே தேர்வாளர் கேட்டார்: “சத்தம் ஏன் அமுங்குது, சொல்லுப்பா.” ஸ்பீக்கர் வாய்க்கு முன்னால் உள்ள நுண்ணிய வலையில் பரப்பு இழுவிசையால் நீர்ப்படலம் ஒட்டி நிற்கிறது. அது அதிர்வைத் தடுப்பதால் உயர் சுருதிகள் முதலில் மறைந்து, பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

வாட்ச்சில் உள்ள வாட்டர் லாக் என்ற வசதியைப் பற்றிப் பலரும் நினைப்பது, அதை ஆன் செய்தால் வாட்ச்சுக்குள் நீர் புகாமல் ஏதோ மூடிக்கொள்ளும் என்று. எதுவும் மூடாது. திரையின் தொடுதலை மட்டும் அது நிறுத்துகிறது, நீந்தும்போது நீர்த்துளிகள் பட்டன்களை அழுத்திவிடாமல் இருக்க. பயன் உள்ள பாகம் அதை அணைக்கும்போது வருகிறது. வாட்ச்சின் பக்கவாட்டில் உள்ள திருகான டிஜிட்டல் கிரவுனை அழுத்திப் பிடித்தால் ஸ்பீக்கர் சில ஒலிகளை எழுப்பி, அந்த அதிர்வாலேயே நீரை வெளியே தள்ளும். 2016-இல் வந்த சீரிஸ் 2 முதல் இந்த வசதி உண்டு. சாம்சங் கேலக்ஸி வாட்ச்சிலும் இதேபோல் உண்டு.

சரி, அப்படியானால் உடனே வாட்டர் லாக்கைப் போட்டு அணைத்தால் போதுமா? என் சீட்டில் ‘கடல்’ என்று இருந்ததே, மதிப்பெண் அங்கேதான். உப்பு நீரை அப்படியே காயவிட்டால் வலைக் கண்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். நீர் போனபிறகும் சத்தம் திரும்பாது. ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று கை தயங்கும். குழாயை மெதுவாகத் திறந்து, ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வாய் மீது நீர் ஓடும்படி பிடித்தேன். பஞ்சு உதிராத துணியால் ஒற்றினேன். கண்ட்ரோல் சென்டரில் நீர்த்துளிப் படத்தைத் தொட்டு லாக் போட்டு, ஸ்பீக்கர் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து அணைத்தேன். துளிகள் வெளியே வந்தன. துடைத்து, திரும்பச் செய்தேன். நீச்சல் குள நீருக்கும் இதே வரிசைதான்.

இவ்வளவு செய்தும் தேர்வு நேரத்துக்குள் குரல் முழுதாகத் தெளியவில்லை. தெளியாதது இயல்பே. சீட்டில் ‘நன்றாகத் துடைத்து, சார்ஜரில் இரவு முழுக்க வைத்து, காலையில் மறுபடி குரல் பதிவு செய்து சோதிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். சார்ஜரில் வைத்தால் எஞ்சிய ஈரம் சீக்கிரம் ஆவியாகும். வைக்கும் முன் வாட்ச்சின் அடிப்பக்கமும் சார்ஜரும் உலர்ந்திருக்க வேண்டும்.

‘எதைச் செய்யக்கூடாது, ஏன்’ என்பது வாய்மொழிக் கேள்வி. ஏன் என்பதைச் சொல்லாவிட்டால் பாதி மதிப்பெண்தான். ஊசியோ பின்னோ விட்டால் வலையும் அதன் பின்னுள்ள சவ்வும் கிழியும். ஏர் ப்ளோயர் வாசலில் நிற்கும் நீரை உள்ளே தள்ளும். ஹேர் டிரையரின் சூடு சீல் ஒட்டியிருக்கும் பசையை இளக்கும். உதறுவதும் வேண்டாம். அரிசி டப்பா? அதன் மாவுத்தூள் ஈர வலையில் ஒட்டும், அவ்வளவுதான் அதன் பலன்.

வாட்ச்சைக் கழற்றி ஈரக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்களின் கதை கொஞ்சம் வேறு. அங்கே நீரோடு துணிப்பஞ்சும் சில நேரம் சோப்பு மிச்சமும் சேர்ந்து பசைபோல் வலையில் அப்பிக்கொள்ளும். ஒலி அதிர்வு மட்டும் இதை நகர்த்தாது. நல்ல தண்ணீரில் கழுவினால்தான் இளகும். சோப்பு, ஷாம்பு பட்டிருந்தால் கழுவுவது இன்னும் அவசியம், அவை காலப்போக்கில் சீலையே கெடுக்கும்.

கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படர்ந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சீல் விட்டுப்போய் நீர் உள்ளே போயிருக்கிறது. சார்ஜரில் வைக்காமல், வாட்ச்சை அணைத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும். ‘50 மீட்டர்’ என்று போட்டிருக்கிறதே என்று வாடிக்கையாளர் கேட்பார். அது புது வாட்ச்சுக்குச் சொன்னது. கீழே விழுந்து அடிபட்டாலும் வருடங்கள் ஓடினாலும் அந்தத் தாங்கும் திறன் குறையும்.