1:30:00-ஐத் தொட்டால் 1:29:28 வருகிறது

மூன்று மணி நேர உரை ஒன்றைப் பதிவு செய்து, எந்தத் தலைப்பு எந்த நிமிடத்தில் வருகிறது என்று ஒரு நேரப்பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன். வாங்கிக் கேட்ட நண்பர் இரண்டு நாளில் போன் செய்தார். "உங்க லிஸ்ட்ல ஒண்ணரை மணிக்கு கேள்வி பதில் ஆரம்பம்னு போட்டிருக்கு. அங்க போனா இன்னும் உரைதான் ஓடுது. அரை நிமிஷம் கழிச்சுதான் கேள்வி வருது." என் கணினியில் அதே கோப்பைத் திறந்து பார்த்தேன். 1:30:00-இல் சரியாக முதல் கேள்வி. அவர் போனில் மட்டும் தள்ளிப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், 0:40:00-க்குப் போனால் அவருக்கும் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. ஓர் இடத்தில் ஐந்து வினாடி, இன்னோர் இடத்தில் முப்பது. ஆனால் அதே இடத்தை எத்தனை முறை தொட்டாலும் பிழை மாறவில்லை. சீராக வளரும் பிழையாக இருந்தால் சாம்ப்பிள் ரேட் கோளாறு என்று சந்தேகித்திருப்பேன். இது அந்த வகை இல்லை.

கோப்பு எம்பி3, மோனோ, மாறும் பிட்ரேட், அதாவது விபிஆர். சராசரி 64 கிலோபிட், மொத்தம் 86.4 மெகாபைட். பேச்சுக்கு விபிஆர் ஆசை காட்டும். பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு ஃபிரேமுக்கு 104 பைட் போதும், கைதட்டல் வந்தால் 365 பைட் வேண்டும். எம்பி3-இல் ஒரு ஃபிரேம் என்பது 1152 சாம்ப்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 26 மில்லிவினாடி. காலம் எல்லா ஃபிரேமுக்கும் ஒன்று, எடைதான் வேறு.

மாறா பிட்ரேட்டில் (சிபிஆர்) 1:30:00 எங்கே இருக்கிறது என்பது வெறும் பெருக்கல். 64 கிலோபிட் என்றால் வினாடிக்கு 8000 பைட்; 5400 வினாடிக்கு 4,32,00,000-ஆவது பைட். பிளேயர் அங்கே குதித்து, அடுத்த ஃபிரேமின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். விபிஆரில் இந்தப் பெருக்கல் செல்லாது. முதல் ஃபிரேமிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வரலாம், அது துல்லியமானது. என் கணினி பிளேயர் அதைத்தான் செய்கிறது போலும். போன் பிளேயர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை, கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஒரு குறுக்குவழியைப் பார்த்துப் போகிறது.

அந்தக் குறுக்குவழிதான் Xing தலைப்பு. முதல் ஃபிரேமில் ஒலிக்குப் பதிலாக மொத்த ஃபிரேம் எண்ணிக்கை, மொத்த பைட், அதோடு நூறு பைட் நீளமுள்ள ஓர் அட்டவணை இருக்கும். நேரத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ஒரு பைட். 50-ஆவது பைட்டில் 128 என்று இருந்தால், பாதி நேரம் முடியும் இடம் கோப்பின் 128/256 பங்கில் இருக்கிறது என்று பொருள். நான்கு நிமிடப் பாட்டுக்கு இது தாராளம். 256 பங்கில் ஒரு பங்கு ஒரு வினாடிக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரக் கோப்பில் அதே ஒரு பங்கு சராசரியாக 42 வினாடி. அட்டவணையின் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே 108 வினாடி. அந்த நடுவெளியைப் பிளேயர் நேர்கோடாக வைத்துக்கொள்கிறது.

ஊகம் போதாது, பார்த்தே ஆக வேண்டும் என்று அட்டவணையைத் திறந்தேன்.

```
grep -abo Xing talk.mp3 | head -1
xxd -s 1082 -l 100 talk.mp3
```

முதல் கட்டளை 1066 என்றது. அதிலிருந்து 16 பைட் தாண்டினால் அட்டவணை தொடங்கும், அதனால் 1082. நான்காவது வரியில் மூன்றாவது பைட்தான் 50-ஆவது விழுக்காடு (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது, முதல் முறை நான் ஒன்று தவறவிட்டேன்). அங்கே `7a`, அதாவது 122. ஒரு பங்கு 3,37,500 பைட். 122 பங்கு 4,11,75,000. போன் குதிக்கும் இடம் அது. உண்மையான இடத்தை ffprobe-இடம் கேட்டேன்.

```
ffprobe -v error -show_entries packet=pts_time,size,pos -of csv=p=0 talk.mp3
```

பட்டியலில் 5400-ஆவது வினாடிக்கு எதிரே இருந்தது சுமார் 4,14,31,600. வித்தியாசம் 2,56,600 பைட். அந்தப் பகுதியில் ஓட்டம் வினாடிக்கு ஏறக்குறைய 8000 பைட், ஆக 32 வினாடி. நண்பர் சொன்ன அரை நிமிடம் அதேதான். உண்மையில் 122.76 பங்கு, என்கோடர் தசமத்தை வெட்டி 122 என்று எழுதிவிட்டது. எப்போதும் கீழ்நோக்கியே வெட்டுவதால், அட்டவணைப் புள்ளிகளில் இறங்கும் இடம் எப்போதும் முன்னதாகவே இருக்கிறது. எவ்வளவு முன்னதாக என்பது தசமம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 0:40:00-இல் அது சிறியது, அவ்வளவே.

இன்னொரு எரிச்சல் இதில் ஒளிந்திருக்கிறது. குதித்த பிறகு பிளேயரின் கடிகாரம் 1:30:00 என்றே காட்டி, அங்கிருந்து எண்ணுகிறது. ஓடுவது 1:29:28-இன் ஒலி. அப்படிக் கேட்டுக்கொண்டே யாராவது குறிப்பெடுத்தால் அந்தக் குறிப்பு நேரங்கள் எல்லாமே 32 வினாடி பிசகும். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒருமுறை குதித்துவிட்டு கடைசிவரை ஓட விடுங்கள். நண்பரின் போனில் கடிகாரம் 3:00:00-ஐத் தொட்டு நின்ற பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அசல் வேவ் கோப்பு கையில் இருந்ததால் முதலில் சிபிஆர் எம்பி3 எடுத்துப் பார்த்தேன்.

```
ffmpeg -i talk.wav -ac 1 -c:a libmp3lame -b:a 64k talk_cbr.mp3
```

அளவு அதே 86.4 மெகாபைட். போனில் ஐந்து இடங்களில் சோதித்தேன், எல்லாமே சரி. இறங்கியதும் ஒரு கணம் சின்ன 'டிக்' கேட்கிறது. ஒரு ஃபிரேமின் தரவு முந்தைய ஃபிரேம்களில் 511 பைட் வரை பின்னால் தொடங்கலாம், நடுவில் குதித்தால் அந்தத் துண்டு கிடைக்காது. பேச்சுக்கு இது பொருட்டில்லை.

பிறகு எம்4ஏ-வும் போட்டுப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு ஃபிரேமின் அளவும் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 4,65,000 ஃபிரேம், ஒன்றுக்கு 4 பைட் என்றாலும் 1.9 மெகாபைட். அந்த விலைக்கு விபிஆராக இருந்தாலும் தேடல் பிசகாது. ஆனால் நேரடிப் பதிவுக்கு எம்4ஏ-வை நான் நம்புவதில்லை. அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது, நடுவில் மின்சாரம் போனால் கோப்பே திறக்காது. பதிவு வேவில், கொடுப்பது எம்4ஏ-வில் என்று வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பவை வேவ் தொலைந்த பழைய விபிஆர் உரைகள். மறுபடி என்கோட் செய்து தரத்தைக் குறைக்க மனமில்லை. அவற்றை அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டி வருகிறேன்.

```
ffmpeg -i old.mp3 -ss 1800 -t 1800 -c copy part2.mp3
```

`-ss`-ஐ `-i`-க்குப் பின்னால் வைத்திருக்கிறேன், கோப்பை முதலிலிருந்து படித்து வரட்டும் என்று. ஒரு பங்கு இப்போது சராசரியாக 7 வினாடி. இதுவரை பதினொரு உரை முடிந்திருக்கிறது, நேரப்பட்டியலைத் துண்டுக்கேற்பத் திருத்துவதுதான் வெட்டுவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.