அத்தானின் பஸ்ஸுக்குக் கிரயம் பார்த்தேன்

மட்டக்களப்பு - கல்முனை பாதையில் ஓடும் அத்தானின் 40 இருக்கை பஸ்ஸுக்கு, ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவாகிறது என்று போன மாதம் கணக்குப் பார்த்தேன். ஒருபக்கத் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நாளுக்கு 4 ஓட்டம், மாதம் 25 நாள். ஆக 100 ஓட்டம், 4,000 கிலோமீட்டர்.

முதலில் டீசல். டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, அடுத்த தடவை நிரப்பும்போது மறுபடி குறித்தோம். செட்டுக்கும் வீட்டுக்குமாக நாளுக்கு 10 கிலோமீட்டர் வெறும் பஸ்ஸாக ஓடுவது அப்போதுதான் தெரிந்தது. அதற்குரிய டீசலையும் ஏறும் பயணிகள்தான் சுமக்க வேண்டும். எல்லாமாக 1,000 லீட்டர். லீட்டர் 300 ரூபா என்று வைத்து 3,00,000 ரூபா. சாரதி, நடத்துனர் இருவருக்கும் சேர்த்து நாட்கூலி 5,000 வீதம் 1,25,000.

பெறுமானத் தேய்வில்தான் பிழைத்தேன். மாத லீசிங் தவணை முழுவதையும் செலவாகப் போட்டிருந்தேன். தவணையில் கடன் முதலுக்குப் போகும் பகுதி கடனைக் குறைக்கிறதே தவிர, அது ஓட்டச் செலவில்லை. வட்டியை வேறாகக் காட்டலாம். பஸ்ஸின் விலை 80 இலட்சம், பத்து வருடம் கழித்து விற்றால் 20 இலட்சம் வரும் என்று வைத்தால், தேய்வது 60 இலட்சம். மாதத்துக்கு 50,000. டயர், சேர்விஸ், காப்புறுதி இன்னும் சேரவில்லை. டீசல், கூலி, தேய்வு மூன்றும் மட்டும் 4,75,000.

இனி எதால் வகுப்பது? 40 இருக்கையையும் 4,000 கிலோமீட்டரையும் பெருக்கி 1,60,000 என்று போட்டால் 2.97 ரூபா வரும். பஸ் எப்போதும் நிரம்பி ஓடினால்தான் அது சரி. டிக்கெட் எண்ணிக்கையை 40 கிலோமீட்டரால் பெருக்குவதும் சரிவராது. காத்தான்குடியில் இறங்குபவர் கல்முனை வரை போவதில்லையே.

அதனால் பாதையை 10 கிலோமீட்டராக நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளே இருக்கும் தலைகளை நடத்துனர் தம்பியை எண்ணச் சொன்னேன். அவர் டிக்கெட் புத்தக அட்டையின் பின்பக்கம் பென்சிலால் 36, 30, 20, 14 என்று எழுதித் தந்தார். கூட்டினால் 100, பத்தால் பெருக்க அந்த ஓட்டத்துக்கு 1,000 பயணி கிலோமீட்டர். ஒரு கிழமை முழுக்க எண்ணிப் பார்த்ததில் சராசரியும் ஏறக்குறைய அதுவேதான். மாதம் 1,00,000. அப்போ கிரயம் 4.75 ரூபா.

நடுப்பகல் ஓட்டத்தில் சராசரி 12 பேர்தான், 480 பயணி கிலோமீட்டர். ஒரு ஓட்டத்தின் பங்கு 4,750 ரூபா என்பதால் அதில் 9.90 ஆகிறது. அத்தான் அதை நிறுத்திவிடலாம் என்றார். நான் மறித்தேன். அந்த ஓட்டத்தை விட்டால் கூலியும் குறையாது, தேய்வும் இந்தக் கணக்கில் வருடத்தால்தான் போகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய 2,800 ரூபா டீசல் மட்டும். அந்த ஓட்டத்தின் வசூல் அதைத் தாண்டுகிறதா என்று இப்போது தனியாக எழுதி வருகிறோம்.