ஓடிபி கோடு கேட்காத கம்ப்யூட்டர்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். சின்ன அலுவலகம். கவுண்டரில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பெண்கள் மாறி மாறி உட்காருவார்கள். மின்னஞ்சல் ஆளுக்கொன்று, ஆனால் விண்டோஸ் கணக்கு மூவருக்கும் ஒன்றுதான்.

ஒருநாள் காலை அவர்களில் மூத்தவரான அக்கா அழைத்தார். தஞ்சாவூருக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "தம்பி, நான் ஊர்ல இருந்தப்ப என் மெயில்லேருந்து ஒரு கஸ்டமருக்குப் பதில் போயிருக்கு. ஓடிபி என் போனுக்குத்தானே வரணும்? போன் என் கையிலதான் இருந்துச்சு, எதுவும் வரலையே" என்றார். குரலில் பயம் தெரிந்தது. அந்தப் பதிலோடு இன்னொருவரின் பாஸ்போர்ட் நகலும் போயிருந்தது.

அங்கே போய் மைக்ரோசாஃப்ட் அட்மின் பக்கத்தில் அக்காவின் உள்நுழைவுப் பதிவுகளைத் திறந்தேன். அந்தத் தேதிக்கு நேராக இப்படி இருந்தது: `MFA requirement skipped due to remembered device`. சாதனம் ஏற்கெனவே நினைவில் இருப்பதால், கடவுச்சொல்லுக்குப் பின் ஓடிபி கோடு கேட்கும் இரண்டாம் படி தேவைப்படவில்லை என்று பொருள். வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. நம் கவுண்டர் கம்ப்யூட்டரே அக்காவின் பெயரில் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

பல வாரங்களுக்கு முன் போனுக்கு வந்த கோடைப் போடும்போது `Don't ask again for 90 days` என்ற பெட்டியை அக்கா டிக் செய்திருக்கிறார். அவசரத்தில் யாரும் செய்வதுதான். அதில் 'சாதனம்' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. உண்மையில் அந்தப் பெட்டி கம்ப்யூட்டரையும் அடையாளம் காண்பதில்லை, ஆளையும் அடையாளம் காண்பதில்லை. அந்த பிரவுசருக்குள் ஒரு குக்கியைப் போட்டு வைக்கிறது. "இந்தக் கணக்கு, இந்த பிரவுசரில் ஏற்கெனவே கோடு கொடுத்துவிட்டது" என்ற சீட்டு அது. எத்தனை நாள் செல்லும் என்பதை நிறுவனத்தின் அட்மின் 1 முதல் 365 நாள் வரை வைக்கலாம். இங்கே 90 நாள். சீட்டு செல்லும்வரை கடவுச்சொல் மட்டும் போதும்.

அக்காவுக்கு இன்னொன்றும் புரியவில்லை. "நான் தினமும் சைன் அவுட் பண்ணிட்டுத்தானே போறேன்?" என்று கேட்டார். சைன் அவுட் செய்தால் அன்றைய அமர்வு முடியும், சீட்டு அப்படியே இருக்கும். அது போக வேண்டுமென்றால் குக்கியை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கின் பக்கமிருந்து ரத்து செய்ய வேண்டும்.

அப்புறம் கடவுச்சொல்? அதையும் அதே பிரவுசரில் சேமித்து வைத்திருந்தார்கள். முதல் படியும் இரண்டாம் படியும் ஒரே மேசையில், யார் வேண்டுமானாலும் உட்காரும் நாற்காலிக்கு எதிரே இருந்தன. வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் பதில் போட்டேன் என்று உடன் வேலை செய்யும் தங்கை தானாகவே சொல்லிவிட்டார். தவறான எண்ணம் எதுவும் இல்லை. தவறான கோப்பை இணைத்துவிட்டார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டரை அப்படி அமைத்து வைத்தது நாங்கள்.

அன்றே அக்காவின் கடவுச்சொல்லை மாற்றினேன். நினைவில் வைத்த சாதனங்களையும் திறந்திருந்த அமர்வுகளையும் அட்மின் பக்கத்திலிருந்து ரத்து செய்தேன். பிரவுசரில் இருந்த குக்கிகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் அழித்தேன். மூவருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு போட்டேன். ஒருவருடைய பிரவுசர் இன்னொருவருக்குத் திறக்கக் கூடாது, உண்மையான பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது. அதற்குமேல் அந்தக் கவுண்டரில் இனி யாரும் அந்தப் பெட்டியை டிக் செய்வதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

அந்தப் பெட்டியை எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிறுத்திவிடலாமே என்று முதலாளி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஒரு நாளில் பத்து முறை கோடு கேட்டால், போனில் வரும் அனுமதிக் கேள்வியைப் படிக்காமலேயே 'சரி' அழுத்தும் பழக்கம் வந்துவிடும். ஒருநாள் திருடன் அனுப்பும் கேள்விக்கும் அதே விரல் போகும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும், கடவுச்சொல்லோடு பூட்டிய லேப்டாப்பில் அந்தப் பெட்டி இருக்கட்டும். அதை சிம் லிம் ஸ்குவேரில் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன்பு, விற்பதற்கு முன்பு, தொலைந்துபோன உடனே ரத்து செய்தால் போதும்.

அக்கா தன் சொந்த ஜிமெயிலையும் அந்தக் கவுண்டரில் திறந்திருந்தார். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், இரண்டு படிச் சரிபார்ப்புப் பக்கத்தின் கீழே `Devices you trust` என்ற இடத்தைக் காட்டினேன். அங்கே ரத்து செய்தால் நம்பிய எல்லாச் சாதனங்களும் ஒரேயடியாகப் போகும். வீட்டு லேப்டாப்பிலும் ஒருமுறை கோடு போட வேண்டியிருக்கும்.

அவர் தயங்கவில்லை, உடனே அழுத்தினார். பிறகு சைன் அவுட் செய்துவிட்டு அதே கம்ப்யூட்டரில் மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார். கடவுச்சொல்லுக்குப் பிறகு திரை நின்றது, கோடு கேட்டது. போனை எடுத்து ஆறு எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். கீழே டிக் ஆகியிருந்த சின்னப் பெட்டியை, இம்முறை எண்களைத் தட்டும் முன்பே எடுத்துவிட்டிருந்தார்.