y² = 4x, x² = 32y: இரண்டு இடத்தில் சிக்கிய ஒரு கணக்கு

நுழைவுத் தேர்வுக்குப் படித்த நாட்களில் ஒரு கணக்கு என்னை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தது. y² = 4x, x² = 32y என்ற இரண்டு பரவளையங்கள். அவை வெட்டும் கோணத்தையும், இரண்டையும் தொடும் பொதுவான தொடுகோட்டையும் கண்டுபிடிக்க வேண்டும்.

வெட்டுப்புள்ளிகள் எளிதாகவே கிடைத்தன. இரண்டாவது சமன்பாட்டிலிருந்து y = x²/32 என்று முதலாவதில் போட்டால் x⁴ = 4096x. அதாவது x = 0 அல்லது x = 16. புள்ளிகள் (0, 0), (16, 8).

(16, 8)-இல் சிரமமே இல்லை. முதல் வளைவரையின் சாய்வு 2/y, அதாவது 1/4. இரண்டாவதன் சாய்வு x/16, அதாவது 1. எனவே tan θ = (1 − 1/4)/(1 + 1/4) = 3/5. கோணம் ஏறக்குறைய 31°.

ஆதியில்தான் முதலில் சிக்கினேன். அங்கே 2/y-இல் y = 0 என்று போட முடியாது. சாய்வு இல்லை என்றால் கோணமும் இல்லை என்று முடிவுகட்டி, (16, 8)-க்கான விடையை மட்டும் எழுதி வைத்தேன். மறுநாள் படம் வரைந்தபோதுதான் தெரிந்தது: ஆதியில் y² = 4x-க்கு y அச்சே தொடுகோடு, x² = 32y-க்கு x அச்சு தொடுகோடு. கோணம் 90°. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு என்ற எண் இல்லை, ஆனால் கோடு இருக்கிறது. கோணம் கோடுகளுக்கு இடையில்தானே!

அப்புறம் பொதுத் தொடுகோடு. இங்கே செய்த தவறு பெரியது. y² = 4ax-க்கு y = mx + a/m என்பதை மனப்பாடம் செய்திருந்தேன். அதையே இரண்டாவதற்கும் a = 8 என்று போட்டுவிட்டேன். 1/m = 8/m என்று வந்தது; எந்த m-க்கும் இது பொருந்தாது. பொதுத் தொடுகோடே இல்லை போலும் என்று நினைத்தேன். உண்மையில் a/m என்பது வலப்பக்கம் திறக்கும் பரவளையத்துக்கு மட்டும். மேல்நோக்கித் திறக்கும் x² = 4by-க்கு y = mx − bm².

சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை. y = mx + 1/m என்பதை x² = 32y-இல் போட்டால் x² − 32mx − 32/m = 0. கோடு தொட வேண்டுமானால் இரண்டு மூலங்களும் சமம், தன்மைக்காட்டி பூச்சியம்: 1024m² + 128/m = 0. அதாவது m³ = −1/8. மெய் மூலம் ஒன்றுதான், m = −1/2. எனவே பொதுத் தொடுகோடும் ஒன்றுதான்: x + 2y + 4 = 0.

இந்த முறை விட்டுவிடாமல் சரிபார்த்தேன். கோடு முதல் பரவளையத்தை (4, −4)-இலும் இரண்டாவதை (−8, 2)-இலும் தொடுகிறது. ஆதியைத் தவிர, வளைவரைகள் வெட்டிக்கொள்வது முதல் கால்பகுதியில். தொடும் புள்ளிகளோ நான்காவதிலும் இரண்டாவதிலும் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி வழியாகப் பொதுத் தொடுகோடு போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். (16, 8)-இல் இரண்டு சாய்வுகளும் வேறு வேறாக இருக்கும்போது அது எப்படி முடியும்?