மச்சாளா, சின்னம்மாவா?

திருகோணமலையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் என்னிடம் வருபவற்றில் பெரும்பகுதி பிறப்புச் சான்றிதழ்களும் உறுதிகளும்தான். அவற்றில் உறவுமுறைச் சிக்கல் அதிகம் எழுவதில்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் சத்தியக்கடதாசிகளில்தான், குறிப்பாகக் காணி வழக்குகளுக்கானவற்றில், அது பெரிதாக வந்து நிற்கிறது.

அப்படி வந்த ஒன்றில், உவர்மலையில் தந்தைவழிப் பாட்டனார் விட்டுச் சென்ற, இன்னும் பிரிக்கப்படாத வளவொன்றைப் பற்றி மகள் எழுதியிருந்தார். அந்த வீட்டைத் தம் தாயின் 'கசின்' பார்த்துக்கொண்டார் என்றும், அவர் தாய்க்குச் 'சிஸ்டர் இன் லோ'வும் ஆவார் என்றும், பின்னர் அந்தப் பெண்மணியின் 'பிரதர் இன் லோ' அங்கே குடியிருந்தார் என்றும் அதில் இருந்தது.

இதைப் படித்தவுடன் கைக்கு வரும் சொல் மச்சாள். தாய் தம் மாமன் மகனையோ மாமி மகனையோ மணந்திருந்தால், கணவரின் சகோதரி அவருக்குப் பிறப்பாலும் மச்சாள், திருமணத்தாலும் மச்சாள். தாயின் சகோதரர் மச்சாள் முறையான பெண்ணை மணந்திருந்தாலும் அதே சொல்தான் வரும். ஆங்கிலம் இரண்டு உறவாகச் சொன்னதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆனால் மூன்றாவது வழியொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அண்ணன் தம்பி இருவரின் மனைவியரும் ஒருவருக்கொருவர் 'சிஸ்டர் இன் லோ' என்றே அழைக்கப்படலாம். சித்தப்பா மகளோ பெரியம்மா மகளோ ஒரே குடும்பத்துக்கு மருமகளாகப் போயிருந்தால் அவர் மச்சாள் அல்லர், தங்கை முறை. எழுதிய மகளுக்கு அவர் மாமி அல்லர், சின்னம்மா. மகளோ 'ஆன்ரி' என்று மட்டுமே எழுதியிருந்தார். அந்தச் சொல் இரண்டு பக்கமும் பொருந்தும்.

எந்தப் பாதை என்று அறிய, நான் கேட்கும் கேள்விகள் மிக எளியவை: இருவரையும் இணைக்கும், உடன்பிறந்தவர்களான பெற்றோர் எவர், அவர்கள் ஆணும் ஆணுமா, பெண்ணும் பெண்ணுமா, அல்லது ஆணும் பெண்ணுமா? முதலிரண்டும் என்றால் பிள்ளைகள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை முறை. எழுத்தில் ஒன்றுவிட்ட சகோதரர். ஆணும் பெண்ணும் என்றால் மச்சான், மச்சாள் முறை. எழுத்தில் மைத்துனர், மைத்துனி. முதல் வகையினருக்கிடையில் மணம் பேசுவது நம்மிடையே முறைகேடாகக் கருதப்படும். இரண்டாம் வகையினருக்கு அது உரிமை என்றே பேசப்பட்டது. ஆகவே ஒரு சொல்லைத் தவறாக இட்டால் ஒழுங்காக நடந்த திருமணமே முறைதவறியதாகத் தோன்றும்.

மகளின் ஏற்பாட்டில் தாயுடன் தொலைபேசியில் பேசினேன். உறவின் பெயரைக் கேட்பதைவிட, "அவவை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் அம்மா?" என்று கேட்பதே எப்போதும் பயன் தருகிறது. "பேர் சொல்லித்தான் தம்பி. அவ எங்கட சித்தப்பாட மகள், எனக்குத் தங்கச்சி முறை. இவர்ட தம்பியைத்தான் கட்டினவ," என்றார். பிறகு குடியிருந்தவர் யார் என்று கேட்டேன். "அதுவும் இவர்ட தம்பிதான், கடைசி," என்றார்.

இந்தப் பதில் முழு ஆவணத்தையும் மாற்றியது. வெளியிலிருந்து வந்த ஒருவர் போல ஆங்கிலத்தில் தோன்றியவர், உண்மையில் பாட்டனாரின் கடைசி மகன், எழுதியவருக்குச் சித்தப்பா, அந்த வளவில் தமக்கும் பங்குள்ளவர். இலங்கையில் பிறருடைய காணியை அவருடைய உரிமைக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டவர் உரித்துக் கோர முடியும். ஆனால் கூட்டுரிமையாளர் ஒருவர் குடியிருந்தார் என்பதால் மட்டும் மற்றவர்களின் பங்கு அவருக்குப் போய்விடாது. நான் 'அம்மாவின் மச்சாளுடைய மைத்துனர்' என்று எழுதியிருந்தால், அவர் பாட்டனாரின் மகன் என்பது தமிழ்ப் பிரதியைப் படிப்பவருக்குத் தெரிந்திருக்காது.

ஆயினும் மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் தம் கையால் சேர்க்கக் கூடாது. மகளிடம் சொல்லி, ஆங்கில மூலத்திலேயே உறவை விரித்து எழுதி மீண்டும் சத்தியம் செய்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அப்படித் திருத்த முடியாத ஆவணங்களில், உறுதியாகத் தெரிந்ததை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சதுர அடைப்புக்குள் தனியே இடுகிறேன். எதுவும் தெரியாவிட்டால் 'உறவினரான பெண்' என்று எழுதி, மூலச் சொல் முறையைத் தெளிவாக்கவில்லை என்று குறிப்பில் சொல்கிறேன். பலர் 'ஒன்றுவிட்ட சகோதரி' என்பதைப் பொதுச்சொல் போல இடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை; அது மச்சாள் அல்லர் என்று உறுதிகூறும் சொல்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களின் ஆவணங்களில் நானா, ராத்தா, சாச்சி என்று வீட்டில் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்தே இதே கணக்கைப் போடுகிறேன். மூத்தவரா இளையவரா என்பதையும் கூடவே கேட்டுவிடுவது நல்லது. ஆங்கிலப் பிரதியில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

திருத்தி வந்த சத்தியக்கடதாசியின் அந்தப் பகுதி தமிழில் இவ்வாறு அமைந்தது: "என் தாயின் சித்தப்பாவின் மகளும் என் தந்தையின் தம்பியின் மனைவியுமான என் சின்னம்மா அவ்வீட்டைப் பராமரித்து வந்தார், அவருக்குப் பின்னர், என் தந்தையின் கடைசித் தம்பியான என் சித்தப்பா அங்கே குடியிருந்தார்."