குடையும் 164 செக்கனும்

ஒக்டோபர் 6, திங்கள்

போயா லீவு. ரீச்சரின் கதையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் 740 சொல். புறக்கோட்டையில் ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழே இருந்து குடை திருத்துகிற கிழவர். பதினொரு வருசத்துக்கு முன்னால் ஒரு பெண் "நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று விட்டுப்போன குடை இன்னும் அவரிடம் தொங்குகிறது. ஒரு மழைநாள், ஒதுங்கி நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அரைமனதோடு அதைக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் பிள்ளை திருப்பிக் கொண்டுவந்து தருகிறது. கடைசி வரி: "இனி அது விட்டுப்போன குடை இல்லை, போய்வந்த குடை."

இந்த வரிக்காகத்தான் இதை அனிமேஷன் படமாக்க ஆசைப்பட்டேன். மத்தியானச் சோறு தின்னுவதற்குள், படத்தில் வைக்க முடியாத வரியும் இதுதான் என்று விளங்கிவிட்டது. ஆர் சொல்லுவது? கிழவர் தனக்குத்தானே கதைத்தால் நாடகமாகிவிடும். பின்னணிக் குரல் வைத்தால் படம் எதற்கு, கதையை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பலாமே.

நாங்கள் அனுப்பப்போகிற போட்டிக்கு 3 நிமிடம்தான், பெயர் ஓடுவதும் அதற்குள்ளேதான். தலைப்புக்கு 4 செக்கன், கடைசிப் பெயர்களுக்கு 12. மிச்சம் 164. செக்கனுக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் செக்கனுக்கு 12 படம், மொத்தம் 1968. தெஹிவளையில் இருக்கிற சித்தியின் மகன், எனக்குத் தம்பி, அவன்தான் தனியாளாக வரையப்போகிறான். ஒரு நாளைக்கு 2 செக்கன் ஒழுங்காக வரைவேன் என்கிறான். அப்படியென்றால் 82 நாள். "அக்கா, அசையாம நிக்கிற ஷொட்டும், திரும்பத் திரும்ப ஓடுற மழையும் எவ்வளவு தருவீங்களோ அவ்வளவு நாள் குறையும்" என்றான். ஸ்கிரிப்ட் எழுதுகிறவளுக்கு அவன் சொன்ன ஒரே புத்திமதி அதுதான்.

ஒக்டோபர் 9, வியாழன்

முதல் வரைவு மூன்று பக்கம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை நம்பி எழுதினேன். இரவு தம்பி ஃபோனில் ஸ்டொப்வோச்சைப் போட்டான், நான் கண்ணை மூடி ஒவ்வொரு ஷொட்டையும் மனதில் ஓட்டி "வெட்டு" என்று சொல்லச் சொல்ல அவன் குறித்தான். 4 நிமிடம் 38 செக்கன்.

அந்தப் பக்கக் கணக்கு ஆட்கள் இருந்து கதைக்கிற படங்களுக்கு ஓரளவு சரிவரும். எங்களுடைய கதையில் கதைப்பேச்சு குறைவு. "மழை பிடிக்கிறது, சனம் ஓடுகிறது" என்று அரை வரி எழுதிவிட்டேன். முதல் துளி, மேலே பார்க்கிற முகம், விரிகிற குடைகள், வெறிச்சோடும் நடைபாதை என்று அது 12 செக்கனைத் தின்றுவிட்டது.

எங்கே கொழுப்பு என்று பார்த்தோம். அந்தப் பெண் குடையை விட்டுப்போகும் பழைய காட்சி 52 செக்கன். வீட்டில் மனைவி "அதை வித்துத் தொலையுங்கோவன்" என்று பேசுவது 24. பக்கத்துக் கடைக்காரரோடு பகிடி 19. மூன்றும் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள். மூன்றையும் எடுத்தால் 183.

ஒக்டோபர் 11, சனி

நூறாம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் இறங்கி, மெயின் வீதிப் பக்கம் நடந்து, நடைபாதையில் குடை திருத்துகிற ஒருவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை, நல்லதாகப் போயிற்று. துணி கழன்ற ஒரு கம்பி முனையைத் தைத்து முடிக்க அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. ஊசியைக் குத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, குடையை ஒருமுறை விரித்துச் சுழற்றிப் பார்த்தார். அந்தச் சுழற்றல் போதும். கதையில் அவருடைய தொழிலுக்கு ஒரு பந்தி இருக்கிறது. நூலைக் கடிப்பதும் குடையைச் சுழற்றுவதும் சேர்ந்து 6 செக்கனில் அதைச் சொல்லிவிடும்.

பின்னேரம் மூன்று மணிக்கு வழமைபோல இடி முழங்கிக் கொட்டத் தொடங்கியது. ஒரு கடையின் மேல்மாடியில் ஒதுங்கினேன். மேலேயிருந்து பார்த்தால் சனம் தெரியவில்லை, வட்டங்கள்தான் நகர்ந்தன. தம்பிக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "முகமும் இல்ல, காலும் இல்ல, வட்டம் மட்டும்! இத முதலே சொல்லியிருக்கலாமே" என்று பதில் வந்தது. கூட்டம் என்றாலே அனிமேஷன்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

அங்கேதான் சுவரையும் பார்த்தேன். எதிர்க் கடையில் கனகாலம் மாட்டியிருந்த ஒரு பலகையைக் கழற்றியிருந்தார்கள். வெயிலும் புகையும் படாத அந்த இடம் மட்டும் பழைய நீலத்தில் இருந்தது, சுற்றிவரச் சாம்பல். பதினொரு வருசத்தைக் காட்ட நாட்காட்டித் தாள் பறப்பது, மரம் இலை உதிர்ப்பது என்று என்னென்னவோ எழுதி அடித்திருந்தேன். குடையில் ஒரு துண்டு கட்டித் திகதி எழுதலாம் என்றும் நினைத்தேன். ஆனால் எழுத்தை வாசிக்க நேரம் வேண்டும், சிங்கள ஆட்களுக்கும் விளங்கவேண்டும். குடையை ஆணியிலிருந்து எடுக்க, சுவரில் குடை வடிவத்தில் மங்காத நீலம். 52 செக்கன் பழைய காட்சி இந்த ஒரு ஷொட்டுக்குள் போய்விட்டது.

ஒக்டோபர் 15, புதன்

வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரீச்சர் தேத்தண்ணி தந்துவிட்டு ஸ்கிரிப்டைச் சிவப்புப் பேனையோடு வாசித்தார். பழக்கதோசம்.

"பிள்ளை, அந்தப் பெட்டை 'நாளைக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போறதத் தூக்கினா, பிறகு இவள் 'நாளைக்குக் கொண்டு வாறன்' எண்டு சொல்லேக்க அவருக்கு ஏன் குத்தப்போகுது?"

சரியான கேள்வி. கதையில் அந்தச் சொல் இரண்டு தரம் வருகிறது, இரண்டாவதுக்கு முதலாவதுதான் பலம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து, இரவு இப்படி எழுதினேன்:

ஷொட் 14. படிக்கீழ், அரை நெருக்கம். கிழவர் குடையை எடுக்கிறார். சுவரில் நீல வடிவம். 6 செக்கன். சத்தம்: தகரத்தில் மழை.

ஷொட் 15. கைகள், மிக நெருக்கம். குடையின் பிடி, ஒரு பக்கம் பெரிய கை, மறுபக்கம் சின்னக் கை. பிள்ளையின் குரல் மட்டும்: "நாளைக்குக் கொண்டு வாறன்." பெரிய கை விடவில்லை. பிறகு விடுகிறது. 5 செக்கன்.

முன்னால் ஆர் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் சுவரைப் பார்த்துவிட்டு உடனே அந்தக் கையைப் பார்க்கிறவருக்கு, இந்தச் சொல்லை இவர் முன்பும் கேட்டிருக்கிறார் என்று படும். படத்தில் பேச்சு இந்த ஒரு வரிதான். முகம் தெரியாததால் வாயசைவு வரையும் வேலையும் மிச்சம். ரீச்சர் ஃபோனில் கேட்டுவிட்டு, "கைய எவ்வளவு நேரம் பிடிச்சிருப்பார்?" என்றார். 2 செக்கன் என்றேன். "காணும்."

இன்னொன்றும் பிடிபட்டது. கதை பழசுக்கு 300 சொல் செலவழிக்கிறது, அதற்குப் பிறகு "அடுத்த நாள் பிள்ளை வந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. வாசிக்கும்போது அது உறுத்தாது. படத்திலோ அந்தப் பிள்ளை வருமா வராதா என்பதுதான் பார்ப்பவரை இருத்திவைக்கிற விசயம். ஒரே வெட்டில் பிள்ளை வந்துவிட்டால் குடை கொடுத்ததற்கே பெறுமதி இல்லை. அதனால் காத்திருப்புக்கு 11 செக்கன் புதிதாகச் சேர்த்தேன். வெற்று ஆணி, சுவரில் நீலம், கிழவர், சாம்பல் வெளிச்சம் மஞ்சளாக மாறுகிறது. 183 இப்போது 194. தம்பி தலையில் கைவைத்தான். வரைய அதில் ஒன்றுமே இல்லை, ஒரே பின்னணி, நிறம் மட்டும் மாறும் என்று சொன்ன பிறகு சமாதானமானான்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தம்பி தீப்பெட்டியளவுப் படங்களாக ஸ்டோரிபோர்டைக் கீறி, ஒவ்வொன்றையும் ஃபோனில் பிடித்து, சரியான செக்கனுக்கு அடுக்கி, வாயாலேயே மழைச் சத்தம் போட்டு அனிமேட்டிக் செய்து வைத்திருந்தான். வெள்ளவத்தை வீட்டில் முறுக்குக்கும் கேசரிக்கும் நடுவில் ஐந்து பேருக்குக் காட்டினோம். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள். "என்ன பாத்தீங்கள், சொல்லுங்கோ" என்றுதான் கேட்டோம்.

சித்தி: "சுவரில தண்ணி ஊறியிருக்கு, பாவம் மனுசன்."

என் சுவர்! நான் ஒன்பது நாளாகப் பெருமைப்பட்ட சுவர். காரணம் இருந்தது. தம்பியின் கீறலில் கிழவர் குடையை எடுத்ததும் அது திரையை விட்டுப் போய்விடுகிறது, சுவரில் ஒரு நீளக்கறை மட்டும் மிஞ்சுகிறது. ஐப்பசி மழைக்குள் சுவரில் கறை என்றால் ஒழுக்கு என்றுதான் ஆரும் நினைப்பார்கள். ஷொட் 14-ஐத் திருத்தினேன்: எடுத்த குடையைச் சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு செக்கன் பிடித்துத் தூசி தட்டுகிறார். குடையும் வடிவமும் ஒரே சட்டத்துக்குள், வளைந்த பிடியும் சேர்த்து அச்சொட்டாக.

இரண்டாவது, காத்திருக்கும் 11 செக்கனில் மச்சாள் ஃபோன் திரையைத் தட்டினாள். "ஸ்டக் ஆயிட்டுது." வெளிச்சம் அவ்வளவு மெதுவாகத்தான் மாறுகிறது. நடிகர் சும்மா இருந்தாலும் மூச்சு விடுவார், கண் சிமிட்டுவார், துணி அசையும். வரைந்த படம் சும்மா இருந்தால் செத்துப்போகும். தகர விளிம்பிலிருந்து இரண்டு செக்கனுக்கு ஒரு சொட்டு விழட்டும் என்று எழுதினேன், சத்தத்தோடு. அரை செக்கன் சொட்டை ஒருமுறை வரைந்து ஐந்து தரம் போட்டால் சரி. வேகமாக விழத் தொடங்கி, இடைவெளி கூடிக்கூடிப் போனால் மழை விட்டதும் தெரியும் என்றான் தம்பி. அது என் மூளைக்கு எட்டாத விசயம்.

ஒக்டோபர் 23, வியாழன்

இன்னும் 30 செக்கன் வெட்டவேண்டும். தைக்கிற ஷொட்டை 14 செக்கனிலிருந்து 6 ஆக்கினேன் (புறக்கோட்டையில் பார்த்த அதே கடியும் சுழற்றலும்). வட்டங்கள் 12-லிருந்து 6. மிச்சம் 16-க்குப் பிள்ளை ரயில் நிலையத்திலிருந்து நனைந்து ஓடிவருவது முழுவதையும் எடுத்துவிட்டேன். வட்டங்கள் முடிந்ததும் பிள்ளை தகரத்துக்குக் கீழே ஏற்கெனவே நிற்கிறது, சப்பாத்திலிருந்து தண்ணி வழிகிறது. ஓடிவந்ததை ஆரும் கேட்கப்போவதில்லை. சரியாக 164. 31 ஷொட். தம்பி புதிதாக வரையவேண்டியது கிட்டத்தட்ட 70 செக்கன், அதாவது 35 நாள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கடைசி ஷொட்டை எழுதினேன். முதல் ஷொட்டின் அதே கோணம், அதே பின்னணி. பிள்ளை தந்த குடையில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. கிழவர் நிமிர்த்துகிறார், விரித்து ஒருமுறை சுழற்றுகிறார். பழைய ஆணிக்குக் கை போகிறது, நிற்கிறது, முன்வரிசையில் மற்றக் குடைகளோடு கொழுவுகிறார். பின்னால் நீல வடிவம் வெறுமையாக.

அச்செடுத்து ரீச்சரிடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். தன்னுடைய வரி எங்கே என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

"கதையில சுவரே இல்லை, என்ன?"

"இல்லை ரீச்சர்."

இரவு தம்பி கேட்டான், முன்வரிசையில் ஆணி எத்தனை, மூன்றா நான்கா, இப்போதே சொல்லவேண்டுமாம். நான்கு என்றேன், முதல் ஷொட்டில் ஒன்று வெறுமையாக இருக்கட்டும்.